ஆஃப்சைடு கோடு எங்கே இருக்கிறது, போனஸ் கோடு எப்போது திறக்கிறது?

"சார், எங்கள் வீட்டில் மாமனார் கால்பந்து பார்ப்பார், கணவர் கபடி பார்ப்பார். எனக்கு இரண்டும் புதிது. கால்பந்தில் பந்து கோலுக்குள் போன பிறகும் 'ஆஃப்சைடு' என்று சொல்லி இல்லை என்கிறார்கள், அது ஏன்? கபடியில் யாரையும் தொடாமல் திரும்பி வந்தவருக்கு ஒரு புள்ளி கொடுத்தார்கள். சற்று நேரம் கழித்து இன்னொருவர் அதையே செய்தார், அவருக்குக் கொடுக்கவில்லை. இரண்டு ஆட்டத்திலும் 'கார்னர்' என்கிறார்களே, இரண்டும் ஒன்றா?"

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: ஒன்றல்ல. கால்பந்தில் கார்னர் என்பது ஓர் உதை. கபடியில் அது ஓர் ஆள். அந்த ஆளைப் பற்றிக் கடைசியில் பேசலாம்.

முப்பது ஆண்டு உடற்கல்வி ஆசிரியராக இருந்தவன் என்பதால் ஒன்றைக் கவனித்திருக்கிறேன். புதிதாக ஆட்டம் பார்க்க வருபவர்கள் பந்தையும் ஆளையும் பார்க்கிறார்கள், கோட்டைப் பார்ப்பதில்லை. உங்களைக் குழப்பிய இரண்டு சொற்களுமே கோடு பற்றியவைதான். கால்பந்தின் ஆஃப்சைடு கோடு வரையப்படாத கோடு. நொடிக்கு நொடி நகரும். கபடியின் போனஸ் கோடு வரையப்பட்ட கோடு. ஆனால் சில நேரம் அதற்கு மதிப்பு உண்டு, சில நேரம் இல்லை.

ஆஃப்சைடிலிருந்து தொடங்குகிறேன். இந்த விதி எதற்கு என்று புரிந்தால் மற்றது தானாக வரும். எதிரணியின் கோல் வாசலிலேயே ஒருவர் நாள் முழுவதும் நின்றுகொண்டு, பந்து வந்ததும் உள்ளே தட்டிவிடுவதைத் தடுக்கத்தான் இது. தெருவில் ஆடும் சிறுவர்கள்கூட அப்படி நிற்பவனைத் திட்டுவார்கள். ஆகவே, ஒரு வீரர் எதிரணியின் பாதி மைதானத்தில் இருக்கும்போது, பந்தையும் தாண்டி, எதிரணியின் கடைசிக்கு முந்தைய ஆளையும் தாண்டி கோல் பக்கம் நிற்கக் கூடாது. வழக்கமாகக் கடைசி ஆள் கோல்கீப்பர். அதனால் கடைசிக்கு முந்தைய ஆள் பெரும்பாலும் ஒரு தடுப்பாட்டக்காரராக இருப்பார். அவர் எங்கே நிற்கிறாரோ அங்கே மைதானத்தின் குறுக்கே ஒரு கோடு கிழித்ததாக வைத்துக்கொள்ளுங்கள். அதுதான் ஆஃப்சைடு கோடு. அவர் முன்னே வந்தால் கோடும் முன்னே வரும், பின்னே ஓடினால் பின்னே போகும். அவருக்கு நேர்சமமாக நின்றால் குற்றமில்லை.

ஆனால் எந்த நொடியில் தாண்டியிருக்கக் கூடாது? இதில்தான் பெரும்பாலானவர்கள் வழுக்குகிறார்கள். பந்து அவரிடம் வந்து சேரும் நொடி அல்ல. அவருடைய அணித்தோழர் பந்தை உதைக்கும் நொடி. ஒரு கணக்கு சொல்கிறேன். தடுப்பாட்டக்காரர் கோல் கோட்டிலிருந்து 20 மீட்டரில் நிற்கிறார். தோழர் பந்தை உதைக்கும்போது நம் முன்கள வீரர் 21 மீட்டரில் இருக்கிறார். பிறகு காற்றாய் ஓடி, 12 மீட்டரில் பந்தை வாங்கிக் கோல் அடிக்கிறார். பார்ப்பவர்களுக்கு அவர் தன்னந்தனியாக முன்னால் இருப்பது போலத் தெரியும். ஆனால் அது நல்ல கோல். இப்போது மாற்றிப் பாருங்கள். உதைக்கும் நொடியில் அவர் 18 மீட்டரில் இருந்தார், பிறகு யோசித்துத் திரும்பி வந்து 23 மீட்டரில் பந்தை வாங்கினார் என்றால் அது ஆஃப்சைடு. திரும்பி வந்தது அவரைக் காப்பாற்றாது.

ஆகவே ஆஃப்சைடு பார்க்க இரண்டு இடத்தைப் பார்க்க வேண்டும்: உதைக்கும் காலையும், தூரத்தில் நிற்கும் அந்தக் கடைசிக்கு முந்தைய ஆளையும். ஒரு ஜோடிக் கண்ணுக்கு இது கடினமான வேலை. பக்கவாட்டுக் கோட்டின் ஓரத்தில் கொடியோடு ஓடுகிறாரே, அவர் துணை நடுவர். பழைய ஆட்கள் லைன்ஸ்மேன் என்பார்கள். அவர் பந்தோடு ஓடுவதில்லை என்பதைக் கவனியுங்கள். பெரும்பாலான நேரம் அந்தக் கடைசிக்கு முந்தைய ஆளோடுதான் ஓடுவார். இரண்டு அடி பின்தங்கிவிட்டால் கோணம் மாறி, நேர்சமமாக நிற்பவர் முன்னால் நிற்பது போலத் தெரியும். ஒரு பள்ளிப் போட்டியில் நான் கொடி பிடித்தபோது, அழகான ஓர் உதையை ரசித்துக்கொண்டே நின்று, நியாயமான ஒரு கோலுக்குக் கொடியைத் தூக்கிவிட்டேன். அந்தப் பையன் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவில் இருக்கிறது.

உடலில் எது தாண்டினால் கணக்கு? எதனால் கோல் போட அனுமதி உண்டோ அதெல்லாம் கணக்கு: தலை, மார்பு, தோளின் மேற்பகுதி, கால். கையும் புயமும் சேராது. அக்குளின் அடிப்பகுதியை ஒட்டி மேலே தோள், கீழே புயம் என்று பிரிப்பார்கள். அதனால்தான் தொலைக்காட்சியில் சட்டைக் கையின் ஓரத்தை இழுத்துப் பெரிதாக்கிக் காட்டிக்கொண்டிருப்பார்கள்.

இதற்கு நல்ல உதாரணம் 2022 உலகக் கோப்பையில் நவம்பர் 22 அன்று அர்ஜென்டினா, சவுதி அரேபியாவோடு ஆடிய ஆட்டம். மெஸ்ஸி பத்தாவது நிமிடத்தில் பெனால்டியில் கோல் அடித்துவிட்டார். அதற்குப் பிறகு முதல் பாதியிலேயே அர்ஜென்டினா இன்னும் மூன்று முறை பந்தை வலைக்குள் அனுப்பியது. மெஸ்ஸி ஒரு முறை, லவுத்தாரோ மார்ட்டினெஸ் இரண்டு முறை. மூன்றுமே ஆஃப்சைடு என்று செல்லாமல் போயின. அதில் ஒன்றைக் கண்ணால் பிடிக்க முடியவில்லை. காட்சி மறுஆய்வில்தான் மயிரிழையில் தாண்டியது தெரிந்தது. சவுதி வீரர்கள் செய்தது இதுதான்: கோல் பக்கம் பதுங்காமல், தடுப்பு வரிசையையே நடுக்கோட்டை நோக்கி உயரத் தூக்கி நிறுத்தினார்கள். வரிசை முன்னே வர, கோடும் முன்னே வந்தது. அர்ஜென்டினாவின் முன்களம் ஓடிய ஓட்டமெல்லாம் கோட்டுக்கு அப்பால் முடிந்தது. இதைத்தான் ஆஃப்சைடு பொறி என்கிறார்கள். இரண்டாம் பாதியில் சவுதி இரண்டு கோல் போட்டு 2-1 என வென்றது. பொறி ஆபத்தானதும்கூட. நான்கு பேரில் ஒருவர் ஓர் அடி தாமதித்தால், அவரே கோடாகிவிடுவார்; அவருக்குப் பின்னால் கோல்கீப்பர் மட்டும்தான்.

அந்தப் போட்டித் தொடரில் மைதானக் கூரையின் கீழ் 12 கேமராக்கள் வைத்து ஒவ்வொரு வீரரின் உடலிலும் 29 இடங்களைத் தொடர்ந்து கண்காணித்தார்கள். பந்துக்குள்ளும் ஓர் உணர்கருவி இருந்து, நொடிக்கு 500 முறை தகவல் அனுப்பியது. அந்தக் கருவி எதற்கென்றால், 'உதைக்கும் நொடி' எது என்பதைச் சரியாகப் பிடிப்பதற்கு. மேலே சொன்ன கணக்கில் நொடி எவ்வளவு முக்கியம் என்பது இப்போது புரியும்.

இன்னும் ஒன்று. ஆஃப்சைடு இடத்தில் நிற்பது மட்டும் குற்றமில்லை. அங்கே நின்றபடி பந்தைத் தொட வேண்டும், அல்லது கோல்கீப்பரின் பார்வையை மறைப்பது போல எதிரணிக்கு இடைஞ்சல் செய்ய வேண்டும், அல்லது கம்பத்தில் பட்டுத் திரும்பும் பந்தை எடுத்து லாபம் அடைய வேண்டும். ஓரமாக நிற்பவர் பாட்டுக்கு நிற்கலாம். கொடி சில நேரம் தாமதமாக, எல்லாம் முடிந்த பிறகு உயர்வதற்கும் ஒரு காரணம் உண்டு. காட்சி மறுஆய்வு இருக்கும் போட்டிகளில், சந்தேகம் நூலிழையாக இருந்தால் ஆட்டத்தை ஓடவிட்டு, அந்த முயற்சி முடிந்த பிறகு கொடியைத் தூக்கும்படி துணை நடுவர்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள். தவறாக நிறுத்திவிட்டால் கோலைத் திருப்பிக் கொடுக்க முடியாது. தவறாக ஓடவிட்டால் பிறகு ரத்து செய்யலாம். உங்கள் மாமனார் குதித்து முடித்துத் தலையில் கை வைப்பது இதனால்தான்.

இனி கார்னர் கிக். தமிழ்ப் பத்திரிகைகளில் மூலை உதை என்றும் எழுதுவார்கள். பந்து கோல் கோட்டை, அதாவது கோல் கம்பங்கள் நிற்கும் அந்தக் கடைக்கோட்டை, கம்பங்களுக்கு வெளியே தாண்டிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைசியாகத் தொட்டவர் தாக்கும் அணிக்காரர் என்றால் தடுக்கும் அணிக்குக் கோல் கிக். தடுக்கும் அணிக்காரர் என்றால் தாக்கும் அணிக்குக் கார்னர். அவ்வளவுதான். மூலையில் 1 மீட்டர் அளவில் ஒரு கால்வட்டம் இருக்கும். பந்தை அதில் வைத்து உதைக்க வேண்டும். எதிரணியினர் 9.15 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும்.

'தாண்டிவிட்டது' என்ற சொல்லில் ஒரு நுணுக்கம். பந்து முழுவதும் தாண்ட வேண்டும். தரையில் கோட்டுக்கு வெளியே இருந்தாலும், பந்தின் உருண்டை விளிம்பு மேலிருந்து பார்க்கையில் கோட்டின் மேல் துளி நிழலாடினால் பந்து ஆட்டத்தில்தான் இருக்கிறது. 2022 டிசம்பர் 1 அன்று ஸ்பெயினுக்கு எதிராக ஜப்பானின் மிதோமா, வெளியே போய்விட்டது என்று எல்லோரும் நினைத்த பந்தைக் கோல் முன்னே தட்டிவிட, தனாகா அதைக் கோலாக்கினார். பக்கவாட்டிலிருந்து எடுத்த படத்தில் கோட்டுக்கும் பந்துக்கும் நடுவே புல் தெரிந்தது. மேலிருந்து பார்த்தால் பந்து கோட்டை விடவில்லை. ஜப்பான் 2-1 என வென்றது.

கார்னர் கிக்கிலிருந்து நேரடியாக வரும் பந்துக்கு ஆஃப்சைடு கிடையாது. கோல் கிக்குக்கும், பக்கவாட்டுக் கோட்டிலிருந்து கையால் எறியும் த்ரோவுக்கும் அப்படியே. அதனால்தான் கார்னரின்போது கோல்கீப்பரின் மூக்கருகே போய் நிற்கிறார்கள், யாரும் எதுவும் சொல்வதில்லை. ஆனால் 'நேரடியாக' என்ற சொல்லை மறந்துவிடாதீர்கள். அந்தச் சலுகை ஒரே ஒரு தொடுதலுக்குத்தான். 2010 உலகக் கோப்பையின் முதல் ஆட்டம், தென்னாப்பிரிக்காவும் மெக்சிகோவும். மெக்சிகோவுக்கு ஒரு கார்னர். பந்து உயர்ந்து வந்தது. தென்னாப்பிரிக்காவின் கோல்கீப்பர் கூனே அதைப் பிடிக்க முன்னே ஓடி வந்து தவறவிட்டார். ஒரு மெக்சிகோ வீரர் தலையால் தட்டிவிட, தூரத்துக் கம்பத்தருகே நின்ற கார்லோஸ் வேலா உள்ளே தள்ளினார். கொடி உயர்ந்தது. கோல் கோட்டில் ஒரு தென்னாப்பிரிக்க வீரர் நிற்கிறாரே, பிறகு எப்படி ஆஃப்சைடு என்று உலகமே கேட்டது.

நாம் மேலே பார்த்த விதியைப் பொருத்திப் பாருங்கள். விதி 'கோல்கீப்பரும் இன்னொருவரும்' என்று சொல்லவில்லை. கடைசிக்கு முந்தைய ஆள் என்றுதான் சொல்கிறது. கோல்கீப்பர் முன்னே வந்துவிட்டதால், கோட்டில் நின்ற ஒருவர்தான் கடைசி ஆள். வேலாவுக்கும் கோல் கோட்டுக்கும் இடையே அவரைத் தவிர வேறு எவரும் இல்லை. கார்னரின் சலுகையும் முதல் தலைத் தட்டலோடு முடிந்துவிட்டது. துணை நடுவர் சரி. அந்த நெரிசலில் அதைக் கண்டுபிடித்தவருக்கு நான் இன்றும் வணக்கம் வைப்பேன்.

இதே காரணத்தால் நீங்கள் அடிக்கடி பார்க்கக்கூடிய ஒரு காட்சி: கார்னரை நீளமாக உதைக்காமல் பக்கத்தில் நிற்கும் தோழருக்குத் தட்டிவிடுவார்கள். அவர் திருப்பி உதைத்தவருக்கே கொடுப்பார். உதைத்தவர் மூலையிலேயே சோம்பி நின்றிருந்தால், அவர்தான் எல்லோரையும் தாண்டி நிற்கிறார், கொடி உயரும். தேர்ந்த வீரர்களும் இதில் மாட்டுகிறார்கள்.

2025 ஜூலையிலிருந்து விதிப் புத்தகத்தில் ஒரு புதிய கார்னரும் வந்திருக்கிறது. கோல்கீப்பர் பந்தைக் கையில் 8 நொடிக்கு மேல் வைத்திருந்தால் எதிரணிக்குக் கார்னர். கடைசி ஐந்து நொடியை நடுவர் கையை உயர்த்தி விரல்விட்டு எண்ணுவார். அதைப் பார்த்து அவர் யாருக்கோ கையசைக்கிறார் என்று நினைத்துவிட வேண்டாம்.

கால்பந்து போதும், கபடிக்கு வருவோம். ரெய்டு என்ற சொல் உங்களுக்குப் புதிதாக இருக்கலாம், செயல் புதிதல்ல. நம் ஊர்ச் சடுகுடுவில் 'பாடிப் போவது' என்போமே, அதுதான். ஒருவர் நடுக்கோட்டைத் தாண்டி எதிரணிப் பக்கம் போய், 'கபடி கபடி' என்று ஒரே மூச்சில் சொல்லிக்கொண்டே, யாரையாவது தொட்டுவிட்டு நடுக்கோட்டுக்குத் திரும்ப வேண்டும். மூச்சு விட்டுப் பாட்டு அறுந்தால் அவர் அவுட். புரோ கபடி போன்ற போட்டிகளில் அதற்கு மேல் 30 நொடி வரம்பும் உண்டு. இரண்டு அணிகளும் மாறி மாறிப் பாடிப் போகும். பாடிப் போகிறவர் ரெய்டர். தொட்டால் டச் பாயிண்ட். பிடித்து அமுக்கிவிட்டால் பிடித்த அணிக்கு டேக்கிள் பாயிண்ட்.

ஆண்கள் களம் 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். நடுக்கோடு இரண்டாகப் பிரிக்க, ஒரு பக்கம் ஆறரை மீட்டர் ஆழம். நடுக்கோட்டிலிருந்து 3.75 மீட்டரில் ஒரு கோடு இருக்கும்: பால்க் லைன். அதற்கு அப்பால் 1 மீட்டரில் இன்னொன்று: போனஸ் லைன். பால்க் லைன் கோழைகளுக்காகப் போட்டது என்று என் மாணவர்களுக்குச் சொல்வேன். ரெய்டர் யாரையாவது தொட்டிருக்க வேண்டும், இல்லையென்றால் அந்தக் கோட்டையாவது தாண்டியிருக்க வேண்டும். நடுக்கோட்டின் ஓரத்திலேயே ஆடிவிட்டுத் திரும்பினால் அவுட்.

போனஸ் லைன் வீரர்களுக்கு வைத்த ஆசை. ரெய்டர் ஒரு காலைப் போனஸ் கோட்டுக்கு அப்பால் ஊன்றி, அதே நேரம் பின்னங்காலைத் தரையிலிருந்து தூக்கியிருந்தால் ஒரு புள்ளி. யாரையும் தொட வேண்டியதில்லை. நீங்கள் பார்த்த அந்த முதல் ஆள் இதைத்தான் செய்திருப்பார். மறுமுறை கிடைக்காததற்கு இரண்டு காரணங்களில் ஒன்று இருந்திருக்கும். ஒன்று, பின்னங்காலின் பெருவிரல் தரையை விட்டிருக்காது. தொலைக்காட்சியில் திரும்பத் திரும்பக் காட்டுவது அந்த விரலைத்தான். இன்னொன்று, அதுவே அடிக்கடி நடப்பது: களத்தில் எதிரணியினர் ஆறு பேருக்குக் குறைவாக இருந்திருப்பார்கள். ஏழு பேரோ ஆறு பேரோ இருந்தால்தான் போனஸ் உண்டு. ஐந்தாகக் குறைந்த நொடியில் அந்தக் கோடு வெறும் பெயிண்ட்.

காரணம் எளிது. ஏழு பேர் இருக்கும் கூட்டத்துக்குள் கால் நீட்டுவது உயிரைப் பணயம் வைப்பது போல. அதற்குக் கூலி உண்டு. மூன்று பேர் இருக்கும் காலி இடத்தில் கால் நீட்டுவதற்கு எதற்குக் கூலி? ஆகவே கபடி பார்க்கும்போது ரெய்டு தொடங்கும் முன்னே எதிரணியின் தலைகளை எண்ணுங்கள். ஏழு, ஆறு: போனஸ் உண்டு. ஐந்து, நான்கு: வெறும் ஆட்டம். மூன்று அல்லது அதற்கும் குறைவு: போனஸ் இல்லை, ஆனால் அவர்கள் ரெய்டரைப் பிடித்துவிட்டால் ஒரு புள்ளிக்குப் பதில் இரண்டு. அதற்குப் பெயர் சூப்பர் டேக்கிள்.

ஒரு ரெய்டை எடுத்துப் பார்ப்போம். எதிரணியில் ஆறு பேர். நம் அணியில் இரண்டு பேர் அவுட்டாகி வெளியே உட்கார்ந்திருக்கிறார்கள். நம் ரெய்டர் இடது மூலைப் பக்கம் சாய்ந்து, இடது காலைப் போனஸ் கோட்டுக்கு அப்பால் வைத்து, வலது காலைத் தூக்குகிறார். நடுவர் கட்டை விரலை உயர்த்துகிறார்: போனஸ், ஒரு புள்ளி. திரும்பும் நேரத்தில் அங்கே நின்ற தடுப்பாளர் கணுக்காலைப் பற்றப் பாய்கிறார். ரெய்டர் அவரை இழுத்துக்கொண்டே விழுந்து, விரல் நுனியால் நடுக்கோட்டைத் தொட்டுவிடுகிறார். அந்தத் தடுப்பாளர் அவுட், இன்னொரு புள்ளி. மொத்தம் இரண்டு. வெளியே இருப்பவர்களில் எத்தனை பேர் உள்ளே வருவார்கள்? ஒருவர்தான். தொட்ட புள்ளிக்கு ஆள் உயிர்பெறுவார். போனஸ் புள்ளிக்கு உயிர்பெற மாட்டார். ஸ்கோர் ஏறுகிறது, ஆள் ஏறவில்லையே என்று புதியவர்கள் குழம்பும் இடம் இது. அடுத்த முறை நம்மவர் போகும்போது, இடையில் அவர்கள் புள்ளி எடுத்து ஆளை மீட்காவிட்டால், அங்கே ஐந்து பேர்தான். போனஸ் மூடிவிட்டது.

அதே ரெய்டில் அந்தப் பிடி இறுகி, அவர் நடுக்கோட்டை எட்டாமல் போயிருந்தால்? போனஸ் போனது போனதல்ல. நமக்கு அந்த ஒரு புள்ளி நிற்கும், அவர்களுக்குப் பிடித்ததற்கு ஒரு புள்ளி, நம்மவர் வெளியே. ஸ்கோர் பலகையில் இரண்டு பக்கமும் ஒன்று கூடும்.

மற்ற சொற்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். எதிரணி முழுவதையும் காலி செய்தால் ஆல்-அவுட். கூடுதலாக இரண்டு புள்ளி, காலியான அணி ஏழு பேரோடு மறுபடி எழும். ஒரே ரெய்டில் மூன்று புள்ளியோ அதற்கு மேலோ வந்தால் சூப்பர் ரெய்டு. இரண்டு முறை தொடர்ந்து புள்ளி இல்லாமல் ஓர் அணி திரும்பினால், மூன்றாவது 'டூ ஆர் டை': புள்ளி எடுத்தாக வேண்டும், இல்லையேல் ரெய்டர் அவுட். சும்மா பாடிவிட்டு நேரம் கடத்துவதைத் தடுக்க வந்தது இது.

லாபி என்ற சொல்லை மட்டும் சற்று நிதானமாகப் பாருங்கள். களத்தின் இரு பக்கமும் 1 மீட்டர் அகலத்தில் வேறு நிறத்தில் பட்டைகள் இருக்கும். யாரையும் தொடாதவரை அந்தப் பட்டை வெளியிடம்; அதில் கால் வைத்தால் அவுட். ரெய்டரும் தடுப்பாளரும் ஒருவரையொருவர் தொட்டுவிட்ட நொடியில் அது களத்தின் பகுதியாகிவிடும். ரெய்டர் அதன் வழியே தப்பி ஓடலாம். ஒரு தொடுதல் இடத்தின் தன்மையையே மாற்றிவிடுகிறது.

இந்தப் பட்டை ஒரு தங்கப் பதக்கத்தையே ஒரு மணி நேரம் தொங்கலில் விட்டது. ஹாங்சோ ஆசிய விளையாட்டு, 2023 அக்டோபர் 7, ஆண்கள் இறுதி ஆட்டம்: இந்தியாவும் ஈரானும். இன்னும் ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல் பாக்கி, ஸ்கோர் 28-28. டூ ஆர் டை ரெய்டில் பவன் செராவத் போனார். யாரையும் தொடாமலேயே அவர் லாபிக்குள் கால் வைத்துவிட்டார். அதைக் கவனிக்காமல் ஈரான் தடுப்பாளர்களும் அவரைத் தொடர்ந்து லாபிக்குள் பாய்ந்து தள்ளினார்கள். ஒரு விதிப்படி, தொடாமல் லாபியில் நுழைந்த ரெய்டர் மட்டும் அவுட், ஆட்டம் அங்கேயே நின்றுவிடுகிறது. இன்னொரு விதிப்படி, பின்னால் நுழைந்த தடுப்பாளர்களும் அவுட். எந்த விதி இந்தப் போட்டிக்குப் பொருந்தும் என்பதில் சண்டை. முடிவு மாறி மாறி வந்தது. இரண்டு அணிகளும் களத்திலேயே உட்கார்ந்துவிட்டன. கடைசியில் இந்தியாவுக்குச் சாதகமாக முடிந்து, ஆட்டம் தொடர்ந்து, 33-29 என இந்தியா வென்றது. விதியை எழுதுகிறவர்கள் இரண்டு புத்தகம் வைத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

இனி அந்தக் கார்னர் ஆள். தடுக்கும் அணி ஏழு பேரும் வளைந்து நிற்கும்போது இரண்டு ஓரத்தில், பின்னால் நிற்பவர்கள் லெஃப்ட் கார்னர், ரைட் கார்னர். இடது வலது என்பது தடுப்பவர்களின் பார்வையில். ரெய்டருக்கு அது எதிர்ப்புறமாக இருக்கும். கார்னருக்கு அடுத்து நிற்பவர் 'இன்', அதற்கும் உள்ளே நிற்பவர் கவர், நட்டநடுவில் சென்டர். ரெய்டர் பெரும்பாலும் போனஸுக்குக் கால் நீட்டுவது கார்னருக்கும் இன்னுக்கும் இடையிலுள்ள இடைவெளியில்தான். ஆகவே நீட்டிய காலின் கணுவைப் பிடிப்பது கார்னரின் வேலை. நம் தஞ்சாவூர்க்காரர் தர்மராஜ் சேரலாதன் இந்த இடத்தில் நின்று, நாற்பது வயதைத் தாண்டியும் புரோ கபடியில் இளவட்டங்களின் கணுக்காலைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

அடுத்த முறை உங்கள் கணவரோடு உட்காரும்போது ரெய்டரின் முகத்தை விட்டுவிட்டு, ஆறு அல்லது ஏழு பேர் களத்தில் இருக்கிறார்களா என்று எண்ணியபின், அந்த ஓரத்து ஆளின் கால்களைப் பாருங்கள். அவர் முன்னங்காலில் எடையை மாற்றி, முழங்காலை மடக்கித் தாழ்கிறார் என்றால், ரெய்டர் போனஸுக்கு வரப்போகிறார் என்று அவர் கணித்துவிட்டார். பிடி விழுவதற்கு ஒரு நொடி முன்பே நீங்கள் 'பிடிக்கப் போகிறார்' என்று சொல்லிவிடலாம்.